பதிலுக்குப் பின் வரும் பத்து நொடி

கேள்வி: வணக்கம் மேடம். கணக்குப் பிரிவில் ஐந்து வருட அனுபவம் உள்ளவன். சென்ற மாதம் ஒரு நேர்காணலுக்குப் போனேன். எதிரில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. நான் பதில் சொல்லி முடித்ததும் எதுவும் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் பயந்துபோய் மேலும் மேலும் பேசிக்கொண்டே இருந்தேன். கடைசியில், "உங்களுக்கு இந்த வேலை சரிப்பட்டு வராது என்று நினைக்கிறேன்" என்றார். அதற்கு நான் என்ன சொன்னேன் என்றே நினைவில்லை. இன்னும் மூன்று வாரத்தில் வேறொரு நிறுவனத்தில் நேர்காணல் இருக்கிறது. அங்கேயும் இப்படி ஒருவர் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அந்த நடு நாற்காலியில் நானும் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் அங்கிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பேசாமல் இருப்பவர் பெரும்பாலும் எழுதிக்கொண்டிருப்பார், இல்லையென்றால் எழுதியதற்கு மார்க் போட்டுக்கொண்டிருப்பார். இப்போது பல நிறுவனங்களில் எல்லா விண்ணப்பதாரர்களுக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசையில்தான் கேட்கப்படுகின்றன. ஒவ்வொரு பதிலுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண் போட வேண்டும். அந்த முறையில் பயிற்சி கொடுக்கும்போது எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: தலையாட்டாதீர்கள், "நல்லது" என்று சொல்லாதீர்கள், முகத்தில் எதையும் காட்டாதீர்கள். ஒருவரைப் பார்த்துத் தலையாட்டினால் அவர் அந்தத் திசையிலேயே இன்னும் கொஞ்சம் பேசுவார். அடுத்து வருபவருக்கு அந்த உதவி கிடைக்காது. ஆக, உங்களுக்குக் கல் மாதிரி தெரிந்த முகம், அவர் பங்குக்கு நியாயமாக நடந்துகொள்ள எடுத்த முயற்சியாகவும் இருந்திருக்கலாம்.

நான் வேலை தேடிய காலத்தில் ஒரு நேர்காணலில் ஒருவர் முக்கால் மணி நேரம் தலையே நிமிரவில்லை. வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வேலை கிடைத்தது. பிறகு அவரோடு பக்கத்து மேசையில் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. மனிதர் கையால்தான் குறிப்பெடுப்பார், அதையும் அச்சடித்த மாதிரி எழுதுவார். ஒரு வாக்கியத்தை முடிக்க அவருக்கு அவ்வளவு நேரம் பிடிக்கும்!

சரி, வேண்டுமென்றே அப்படி நடந்துகொள்பவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ஸ்ட்ரெஸ் இன்டர்வியூ என்று பெயர் வைத்து, நீங்கள் சொல்வதை நம்பாத மாதிரி பார்ப்பார்கள், பாதியில் வெட்டுவார்கள், ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்பார்கள், பதிலுக்குப் பிறகு சும்மா இருப்பார்கள். ஆரம்ப காலத்தில் நானும் செய்திருக்கிறேன். பிறகு விட்டுவிட்டேன். அறிமுகமில்லாத ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் யார் தாங்குவார்கள் என்பது மட்டும்தான் அதில் தெரிந்தது. அவர் கணக்கை ஒழுங்காக முடிப்பாரா, பிழை கண்டால் சொல்வாரா என்பது தெரியவே இல்லை. கோபக்கார வாடிக்கையாளரைத் தினமும் சமாளிக்க வேண்டிய வேலை என்றால் ஓரளவு அர்த்தம் உண்டு. மற்ற வேலைகளுக்கு அது வெறும் பழக்கம் என்பது என் கருத்து.

எதிரில் இருப்பவர் எந்த வகை என்று அங்கே உட்கார்ந்தபடியே கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்கத் தேவையும் இல்லை, ஏனென்றால் இரண்டு பேரிடமும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றேதான். "இவர் என்னைச் சோதிக்கிறாரா, பிடிக்கவில்லையா?" என்று மனத்துக்குள் ஆராய ஆரம்பித்த கணமே, பதிலுக்குச் செலவாக வேண்டிய கவனம் அங்கே போய்விடும்.

உங்களுக்கு வந்த பயத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மனிதர்களுக்கு மன அழுத்தம் வந்தால் உடலில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் டிரியர் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1993-இல் வெளியானது. அந்தச் சோதனை என்ன தெரியுமா? ஒரு போலி வேலை நேர்காணல்! பத்து நிமிடம் தயாரிக்க நேரம் கொடுத்து, முகத்தில் எதையும் காட்டாத ஒரு குழுவின் முன் ஐந்து நிமிடம் "இந்த வேலைக்கு நான்தான் பொருத்தம்" என்று பேசச் சொல்வார்கள். அப்புறம் ஐந்து நிமிடம் மனக்கணக்கு. 1022-இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும், தப்பினால் மறுபடி முதலிலிருந்து.

இதில் நமக்கு முக்கியமானது பேச்சுப் பகுதிதான். ஐந்து நிமிடத்துக்கு முன்பே பேச்சை நிறுத்திவிட்டால், "உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, தொடருங்கள்" என்பார்கள். மறுபடியும் நிறுத்தினால் குழு சுமார் 20 நொடி ஒன்றுமே பேசாமல் இருக்கும். மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால் பெரும்பாலானவர்களுக்கு இதில் தெளிவாக உயர்கிறது. அதனால்தான் இன்றுவரை ஆய்வுக்கூடங்களில் இதையே பயன்படுத்துகிறார்கள். உம்மென்ற முகமும் மௌனமும் சேர்ந்தால் நல்ல உடல்நலம் உள்ள ஆளுக்கும் நெஞ்சு படபடக்கும். "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்ற கேள்வியை இங்கேயே விட்டுவிடலாம். படபடப்பை ஒழிப்பதைக் குறிக்கோளாக வைத்துக்கொள்ள வேண்டாம். படபடப்பு இருக்கும்போதே வாய் சரியான இடத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

வாய் ஏன் நிற்பதில்லை? சாதாரணப் பேச்சில் ஒருவர் கேட்டு முடிப்பதற்கும் மற்றவர் பதில் சொல்லத் தொடங்குவதற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கும் என்று பத்து மொழிகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2009-இல் வந்த ஆய்வு. சராசரி, ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. மொழிக்கு மொழி கொஞ்சம் வித்தியாசம் இருந்தாலும் எந்த மொழியிலும் அரை நொடியைத் தாண்டவில்லை. இப்படியே பேசிப் பழகியவருக்கு மூன்று நொடி மௌனம் என்பது ஏதோ தப்பாகிவிட்டதற்கான அடையாளம். நண்பரிடம் பேசும்போது மூன்று நொடி பதில் வராவிட்டால் "என்ன, கோபமா?" என்று கேட்கிறோம் இல்லையா, அதே பழக்கம்தான் நேர்காணலிலும் வேலை செய்கிறது. எதிரில் இருப்பவருக்கோ அந்த மூன்று நொடி ஒரு வரி எழுதக்கூடப் போதாது.

இந்த இடத்தில் ஒருவர் தன் பதிலைத் தானே எப்படிக் கெடுத்துக்கொள்கிறார் என்பதை ஒரு சம்பவத்தோடு சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கிடங்கு மேற்பார்வையாளர் வேலைக்கு ஒருவர் வந்தார். "உங்கள் பொறுப்பில் சரக்கு எப்போதாவது குறைந்திருக்கிறதா?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "ஒரு தடவை மாத இறுதி எண்ணிக்கையில் 14 பெட்டி குறைந்தது. இரண்டு நாள் ரசீதுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய சரக்கைக் கணினியில் இரண்டு தடவை வரவு வைத்திருந்தார்கள். பெட்டி காணாமல் போகவில்லை, கணக்குதான் தப்பு. அதற்குப் பிறகு திரும்பி வரும் சரக்குக்குத் தனிப் பதிவேடு போட்டோம். அடுத்த ஆறு மாதமும் கணக்கு ஒத்துப்போனது." அரை நிமிடம் ஆகியிருக்கும். அருமையான பதில். பிரச்சினை, தேடிய விதம், காரணம், சரிசெய்தது, விளைவு எல்லாம் இருந்தது. நான் குனிந்து எழுத ஆரம்பித்தேன்.

நான்கைந்து நொடி போயிருக்கும். அவர் தொடர்ந்தார்: "அதாவது... பெரிய விஷயம் ஒன்றும் இல்லை, எல்லா இடத்திலும் நடப்பதுதான்." நான் எழுதிக்கொண்டே இருந்தேன். "உண்மையைச் சொன்னால் அந்த மாதம் நான் நேரில் எண்ணவில்லை." இப்போது நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பார்வையை அவர் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டார் போல. "எங்கள் மேலாளரும் இதையெல்லாம் கண்டுகொள்ள மாட்டார்" என்றார்.

முதலில் நான் போட நினைத்த எண் ஐந்து. கடைசியில் போட்டது மூன்று. இதில் வேதனை என்னவென்றால், இன்னொரு கேள்வி கேட்டபோது வெளியே வந்த உண்மை. அந்த மாதம் எண்ணும் முறை வேறொருவருடையது. ஒரே ஆள் தொடர்ந்து எண்ணக்கூடாது என்பதற்காகப் போட்ட முறைப்பட்டியல் அது. இவர் எண்ணாததுதான் சரி! ஒழுங்காகச் சொல்லியிருந்தால் அதுவே அவருக்கு ஒரு நல்ல மார்க். பதற்றத்தில் துண்டாக வந்து விழுந்ததால் கடமை தவறியவர் ஒப்புக்கொள்கிற மாதிரி ஒலித்தது. மேலாளரைப் பற்றிச் சொன்னதற்கு விளக்கமே இல்லை, அது சும்மா வந்து விழுந்தது.

மௌனத்தை நிரப்பப் பேசும்போது எதையோ மறைத்தது வெளியே வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை அப்படி நடப்பது குறைவு. இவருக்கு நடந்தது போல, உண்மையை அதன் இடத்திலிருந்து பிய்த்து, மோசமாகத் தெரிகிற கோணத்தில் நீட்டிவிடுவதுதான் அடிக்கடி நடக்கிறது.

கூடுதல் பேச்சு மூன்று படியாக இறங்குவதையும் கவனியுங்கள். முதலில் தன் பதிலைத் தானே சிறிதாக்குகிறார். அடுத்து, யாரும் கேட்காத ஒன்றை ஒப்புக்கொள்கிறார். கடைசியில் இன்னொருவர் மேல் பழி போடுகிறார். உங்கள் நேர்காணலை நினைத்துப் பாருங்கள், நீங்கள் எந்தப் படிவரை இறங்கினீர்கள் என்று உங்களுக்கே தெரியும். "அதாவது", "உண்மையைச் சொன்னால்", "இன்னொரு விதமாகப் பார்த்தால்" என்று வாய் தொடங்கினால் முதல் படியில் கால் வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இதைத் தவிர்க்க, பதிலுக்கு ஒரு கடைசி வாக்கியம் வேண்டும். அதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும். கிடங்குக்காரரின் பதிலில் அது இருந்தது: "அடுத்த ஆறு மாதமும் கணக்கு ஒத்துப்போனது." ஆனால் அதுதான் கடைசி என்று அவருக்குத் தெரியவில்லை. நீங்கள் தயாரிக்கும்போது பதில் முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒப்பிப்பது எங்களுக்கு உடனே தெரிந்துவிடும். ஒவ்வொரு அனுபவத்துக்கும் முடிவு வாக்கியத்தை மட்டும் எழுதிவையுங்கள். என்ன ஆனது என்பதைச் சொல்லும் ஒரு வரி போதும். "மாத இறுதிக் கணக்கை ஒன்பதாம் தேதி முடித்துக்கொண்டிருந்தோம், இப்போது ஐந்தாம் தேதி முடிகிறது" என்பது மாதிரி. நடுவில் எங்கே சுற்றினாலும் அந்த வரிக்கு வந்து சேர வேண்டும். வந்ததும் குரலைக் கீழே இறக்கி முடியுங்கள். பதற்றத்தில் பலருக்குக் கடைசிச் சொல் மேலே ஏறி, கேள்வி மாதிரி தொங்கும். அப்படித் தொங்கினால் எதிரில் இருப்பவரும் "இன்னும் இருக்கிறது போல" என்று காத்திருப்பார். உங்களுக்கு அது மௌனமாகத் தெரியும். இப்படி உருவாகும் மௌனங்கள் நிறைய.

முடித்த பிறகு வாயை மூடி, மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதில் கவனம் இருக்கட்டும், உள்ளே இழுத்தால் பேச்சு தானாகக் கிளம்பிவிடும். கண் அவர் முகத்திலேயே குத்திட்டு நிற்க வேண்டாம். அவர் எழுதினால் அவர் கை பக்கமோ, மேசையில் உங்கள் முன்னால் உள்ள காகிதத்தின் பக்கமோ போகலாம். மனத்துக்குள் பத்துவரை எண்ணுங்கள். பதற்றத்தில் வேகமாக எண்ணுவீர்கள், ஏழெட்டு நொடிதான் ஆகும், பரவாயில்லை. பெரும்பாலும் ஆறோ ஏழோ எண்ணும்போதே அடுத்த கேள்வி வந்துவிடும்.

வரவில்லையா? அப்போது ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: "இதில் எந்தப் பகுதியையாவது விரிவாகச் சொல்லட்டுமா?" கேட்டுவிட்டு மறுபடியும் நிறுத்திவிடுங்கள். எழுதிக்கொண்டிருப்பவர் என்றால் "வேண்டாம், போதும்" என்பார். வேண்டுமென்றே சும்மா இருப்பவர் என்றால் இப்போது அவர்தான் எதையாவது சொல்லியாக வேண்டும். "என் பதில் சரிதானே சார்?" என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு அவரால் பதில் சொல்ல முடியாது, நீங்கள் மதிப்பெண் கேட்ட மாதிரி ஆகிவிடும். "இவ்வளவுதானா?" என்று அவர் கேட்டால், "ஆமாம் சார், நடந்தது இவ்வளவுதான்" என்பது முழுமையான பதில். கூடவே கொஞ்சம் சிரித்தால் நல்லது, சிரிப்பு வராவிட்டாலும் குறையில்லை.

இதைச் சொன்னதும் சிலர் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். எல்லாக் கேள்விக்கும் இரண்டு வாக்கியம், அப்புறம் முறைப்பு. அவரோடு போட்டி போட்டுக்கொண்டு மௌனம் காப்பது நம் வேலை இல்லை. பதில் முழுமையாக இருக்க வேண்டும். நிறுத்துவது அதற்குப் பிறகுதான். காணொளி நேர்காணல் என்றால் இன்னொன்றும் உண்டு. அங்கே மௌனத்துக்கு இணையம் காரணமாக இருக்கலாம், அவர் ஒலிவாங்கியை அணைத்துவைத்திருக்கலாம். அங்கே பத்துவரை காத்திருக்காமல், நான்கைந்து நொடியிலேயே "என் குரல் கேட்கிறதா?" என்று கேட்டுவிடுங்கள். தொலைபேசியிலும் அப்படியே.

இப்போது அந்தக் கூர்மையான வாக்கியத்துக்கு வருகிறேன். "உங்களுக்கு இந்த வேலை சரிப்பட்டு வராது." இது கேள்வியே இல்லை, கவனித்தீர்களா? கருத்து. ஆனால் நம் காது அதைத் தீர்ப்பாகக் கேட்கிறது. உண்மையிலேயே முடிவெடுத்துவிட்டவர் பொதுவாக இதைச் சொல்ல மாட்டார். "நன்றி, தகவல் சொல்கிறோம்" என்று அனுப்பிவிடுவார். முகத்துக்கு நேராகச் சொல்கிறார் என்றால், உங்கள் பதிலுக்கு இன்னும் இடம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

அதற்கு "இல்லை சார், நான் கடினமாக உழைப்பேன்" என்று சொன்னால் எங்கள் காகிதத்தில் எழுத எதுவும் இருக்காது. கருத்துக்குப் பின்னால் ஒரு விவரம் இருக்கும், அதைக் கேட்டு வாங்க வேண்டும். "எந்த விஷயத்தில் அப்படித் தோன்றுகிறது என்று சொன்னால் அதற்கு நேராகப் பதில் சொல்கிறேன்" என்று கேளுங்கள். அவர், "நீங்கள் ஒரே ஒரு கிளையின் கணக்கைத்தான் பார்த்திருக்கிறீர்கள், எங்களுக்குப் பல கிளைகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அது அவமானம் இல்லை, பேசக்கூடிய ஒரு விஷயம். "உண்மைதான், பல கிளைகளின் கணக்கை ஒன்றாகச் சேர்த்து நான் அறிக்கை தயாரித்ததில்லை. ஆனால் எங்கள் கிளைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் இடையிலான நிலுவைகளை ஒவ்வொரு மாதமும் நான்தான் ஒத்துப்பார்த்தேன். சேர்க்கும்போது சிக்கல் வருவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். மற்றதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்." உண்மையாக உள்ள குறையை ஒரு வரியில் ஒப்புக்கொண்டு, அதற்குப் பக்கத்தில் உங்களிடம் என்ன இருக்கிறதோ அதை வைத்து, அங்கேயே நிறுத்துகிறீர்கள். குறையை மறுத்தால் அவர் அதையே துருவுவார். அதிகமாக ஒப்புக்கொண்டால் அவர் சொன்னதை நீங்களே நிரூபித்த மாதிரி ஆகும்.

விவரம் எதுவும் சொல்லாமல் "எனக்கு அப்படித் தோன்றுகிறது, அவ்வளவுதான்" என்று அவர் விட்டுவிட்டால்? அந்த வேலையில் முக்கியமான ஒரு பொறுப்பை எடுத்து, அதை நீங்கள் செய்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லி முடித்துவிடுங்கள். அவரைச் சம்மதிக்க வைத்தே தீருவது என்று இறங்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறார்கள். நடுவில் இருப்பவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் மற்றவர்களிடம் பேசவே மறந்துவிடுகிறார்கள். கேள்வி கேட்டவரைப் பார்த்துத் தொடங்குங்கள், நடுவே மற்ற இருவரையும் பாருங்கள், முடிக்கும்போது கேட்டவரிடம் திரும்புங்கள். மூன்றில் ஒருவராவது சாதாரண மனித முகத்தோடு இருப்பார், உங்களுக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும்.

ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பவருக்கு ஒரே பதிலைத்தான் சொல்ல வேண்டும். வார்த்தை மாறலாம், எண்ணும் தேதியும் மாறக்கூடாது. முதலில் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று புதிதாக ஒன்றைச் சேர்த்தால் அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள்.

எதுவரை பொறுத்துக்கொள்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வேலையைப் பற்றியோ பதிலைப் பற்றியோ எவ்வளவு கடுமையாகக் கேட்டாலும் அது நேர்காணல்தான். உங்கள் குடும்பம், திருமணம், மதம், உடல், பேச்சு வழக்கு ஆகியவற்றை வைத்துக் குத்தினால் அது எந்தத் திறமையையும் அளக்கவில்லை. "இது வேலையோடு எப்படித் தொடர்புள்ளது என்று தெரியவில்லை, வேலை சம்பந்தமான கேள்விக்குப் பதில் சொல்கிறேன்" என்று சாதாரணக் குரலில் சொல்லலாம். மறுபடியும் அதே பாதையில் போனால் நன்றி சொல்லி எழுந்து வரலாம். நாளைக்கு உங்களுக்கு மேலாளராக வரப்போகிறவர் அவர்தான் என்றால், நீங்களும் அவரை நேர்காணல் செய்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரம் இருக்கிறது, போதுமான நேரம். கண்ணாடி முன் நின்று பேசிப் பழகுவதில் இந்தப் பிரச்சினைக்குப் பயன் இல்லை, ஏனென்றால் கண்ணாடியில் தெரியும் முகம் உங்களைப் புரிந்துகொள்கிறது. ஒரு நண்பரை உட்கார வையுங்கள். ஐந்து கேள்வி எழுதிக் கொடுங்கள். அவர் கேள்வியைப் படிப்பதைத் தவிர வேறொன்றும் செய்யக்கூடாது. நீங்கள் முடித்ததும் காகிதத்தைப் பார்த்தபடி பத்து நொடி, கைப்பேசியில் நேரம் வைத்துக்கொண்டு, சும்மா இருக்க வேண்டும். முதல் நாள் இரண்டு பேரும் சிரித்துவிடுவீர்கள், அது இயல்பு. இன்னொரு கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். பிறகு கேட்கும்போது பதில் நன்றாக இருந்ததா என்று பார்க்க வேண்டாம். உங்கள் முடிவு வாக்கியம் எங்கே வந்தது, அதற்குப் பிறகு என்னென்ன சொன்னீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். அந்தக் காகிதம் முதல் தடவை நிறைந்திருக்கும். வாரத்துக்கு இரண்டு தடவை செய்தால் குறைவது கண்ணுக்குத் தெரியும்.

கூடவே இன்னொன்றையும் பழகுங்கள். கேள்வி வந்ததும் உடனே பாயாமல், "ஒரு நிமிடம் யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஐந்து நொடி எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கேள்விக்கும் வேண்டாம், கடினமான ஒன்றிரண்டுக்கு மட்டும். மௌனத்தை நீங்களே உருவாக்கிப் பழகியவருக்கு அவர் உருவாக்கும் மௌனம் அவ்வளவு அந்நியமாக இருக்காது.

நேர்காணல் முடிந்து வெளியே வந்த அரை மணி நேரத்துக்கு உங்கள் தீர்ப்பு எதையும் நம்பாதீர்கள். அந்த ஆய்வுக்கூடச் சோதனையில்கூட எச்சிலில் அளக்கும் கார்ட்டிசால் உச்சத்துக்குப் போவது எல்லாம் முடிந்து பத்து, இருபது நிமிடம் கழித்துத்தான். அந்த நேரத்தில் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு "நான் சொன்னதைத் தவறாகப் புரிந்துகொண்டிருப்பீர்கள், விளக்குகிறேன்" என்று நீளமாக மின்னஞ்சல் அனுப்பியவர்கள் எனக்குத் தெரிந்து ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். அதுவும் மௌனத்தை நிரப்பும் பேச்சுதான், எழுத்தில் வருகிறது, அவ்வளவுதான். நன்றி சொல்ல வேண்டுமானால் மறுநாள் காலையில் மூன்று வரி எழுதுங்கள். எண்ணோ தேதியோ தவறாகச் சொல்லியிருந்தால் மட்டும் நான்காவதாக ஒரு வரியில் அதைத் திருத்தி அனுப்புங்கள்.